எந்த விரல் மரத்துப்போகிறது?

கழுத்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருகிறவரின் கையில் படத்தோடு ஒரு தாளும் இருக்கும். படம் புரியாது என்பதால் தாளைத்தான் படிப்பார். ஐம்பது வயதைத் தொட்டவர் என்றால் அதில் பெரும்பாலும் இந்த வரிகளே இருக்கும்: சி5–சி6, சி6–சி7 இடைவெளி குறைந்திருக்கிறது, ஆஸ்டியோஃபைட் தெரிகிறது, கழுத்தின் இயல்பான வளைவு குறைந்திருக்கிறது, செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ். வீட்டுக்கு வந்ததும் இது "கழுத்தெலும்பு தேஞ்சுபோச்சாம்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். கை மரத்துப்போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று குடும்பமே நம்பிவிடும்.

காரணம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. எந்த விரல் மரத்துப்போகிறது, எந்த நேரத்தில், கழுத்தை எப்படித் திருப்பினால் அதிகமாகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்தப் படத்துக்கே அர்த்தம் வரும்.

முதலில், படத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கழுத்தில் ஏழு எலும்புகள். மேலே இருக்கும் இரண்டுக்கும் நடுவில் டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே ஒவ்வோர் இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வு. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு வெள்ளையாகத் தெரியும், இரண்டு எலும்புக்கு நடுவில் ஒரு கறுத்த பட்டை தெரியும். அந்தப் பட்டையின் உயரத்தை வைத்துத்தான் ஜவ்வின் நிலையை ஊகிக்கிறார்கள். வயது ஏற ஏற ஜவ்வில் இருக்கும் நீர் குறைகிறது, உயரம் குறைகிறது, பட்டை ஒடுங்குகிறது. 'டிஸ்க் ஸ்பேஸ் குறைந்திருக்கிறது' என்று எழுதுவது இதைத்தான்.

உயரம் குறைந்த ஜவ்வு, காற்று இறங்கிய சைக்கிள் டயரைப் போலப் பக்கவாட்டில் பிதுங்கும். அந்தப் பிதுக்கம் எலும்பு விளிம்பில் ஒட்டியிருக்கும் நார்த்திசுவை இழுக்கிறது. சுமையும் ஜவ்வை விட்டுவிட்டு விளிம்புகளின் மேலும் பின்புற மூட்டுகளின் மேலும் ஏறுகிறது. இழுபடும் இடத்திலும் சுமை ஏறும் இடத்திலும் உடல் புதிய எலும்பை வளர்க்கிறது. அதுதான் ஆஸ்டியோஃபைட், அதாவது எலும்பு முனை. தேய்ந்துபோனது என்று நாம் சொல்லும் கழுத்தில் உண்மையில் எலும்பு கூடியிருக்கிறது. ஆகவே கால்சியம் மாத்திரை சாப்பிட்டு இதைச் சரிசெய்யலாம் என்று நினைப்பதில் பொருளில்லை. கால்சியம் குறைந்து எலும்பு மெலிவது வேறு நோய்.

இந்த மாற்றங்கள் சி5–சி6, சி6–சி7 என்ற இரண்டு இடங்களில் அதிகம் தெரிவதற்கும் காரணம் உண்டு. குனிந்து நிமிரும்போது கழுத்தின் கீழ்ப்பாதியில் அதிகம் அசைவது அந்த இடங்களே.

இனி நரம்பு. தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு வேர்கள் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் இருக்கும் ஒரு துளை வழியாக வெளியே வருகின்றன. அந்தத் துளையின் முன்சுவரில் ஜவ்வின் ஓரமும், லுஷ்கா என்ற ஜெர்மன் உடற்கூறியலாளரின் பெயரைத் தாங்கிய ஒரு சின்ன மூட்டும் இருக்கின்றன. பின்சுவரில் ஃபேசட் மூட்டு. ஜவ்வு ஒடுங்கினால் துளையின் உயரம் குறையும். லுஷ்கா மூட்டிலோ ஃபேசட் மூட்டிலோ எலும்பு முனை வளர்ந்தால் அகலம் குறையும். நடுவில் போகும் நரம்பு வேருக்கு நெருக்கடி வருவது இப்படித்தான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் கண்ணில் அறைவது போலப் பெரிதாகத் தெரிகிற எலும்பு முனைகள் பெரும்பாலும் எலும்பின் முன்பக்கம் வளர்ந்தவை. அவற்றுக்கு முன்னால் இருப்பது உணவுக்குழாய். மிகப் பெரிதாக வளர்ந்தால் விழுங்குவதற்குச் சிரமம் தரலாமே தவிர, கைக்குப் போகும் நரம்பை அவை தொடுவதே இல்லை. படத்தைப் பார்த்து "எவ்வளவு பெரிய முள் பாருங்க" என்று உறவினர் பயமுறுத்தும் முள்ளுக்கும் கை மரத்துப்போவதற்கும் தொடர்பு இல்லாமலே போகலாம். தொல்லை தரும் முனையோ துளைக்குள் ஒளிந்திருக்கும். உடலைச் சுமார் 45 டிகிரி திருப்பி நிற்கவைத்து எடுக்கும் சாய்வுப் படத்தில்தான் அது ஓரளவு தெரியும். அந்தக் கோணத்தில் துளைகள் வரிசையாக முட்டை வடிவில் தெரியும். முனை வளர்ந்த இடத்தில் முட்டையின் நடுப்பகுதி நெரிந்து எட்டு போல மாறியிருக்கும்.

வளைவு குறைந்திருக்கிறது என்ற வரியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வலியில் கழுத்துத் தசை இறுகினாலும் அப்படித் தெரியும், படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தாலும் தெரியும், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிடமும் தெரியும்.

வலி இல்லாதவர்களின் கழுத்து எப்படி இருக்கும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் எந்தக் குறையும் சொல்லாத 200 ஆண் பெண்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். 60 முதல் 65 வயதுக்குள் இருந்த ஆண்களில் 95 சதவீதம் பேருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு தேய்மான மாற்றம் இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதற்கு விலக்கல்ல. 1990-இல் 63 பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், தொல்லை எதுவும் இல்லாத 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு ஜவ்வாவது தளர்ந்தோ ஒடுங்கியோ இருந்தது. ஆகவே கை மரத்துப்போய் வருகிற ஐம்பது வயதுக்காரருக்கு எந்தக் காரணத்தால் மரத்துப்போனாலும், எக்ஸ்ரே எடுத்தால் ஸ்பாண்டிலோசிஸ் இருக்க வாய்ப்பு அதிகம். நரையைப் போல அது அங்கே இருக்கும் என்றே வைத்துக்கொண்டு மருத்துவர் யோசிக்கத் தொடங்க வேண்டும்.

ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்திரண்டு வயது. மூன்று வாரமாக வலது தோள்பட்டைக்குப் பின்னால் குடைச்சல். அங்கிருந்து புஜத்தின் வெளிப்பக்கமாக இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மதமதவென்று இருக்கின்றன. மெஷினில் குனிந்து தைக்கும்போது பெரிதாகத் தெரிவதில்லை. மேலே மாட்டியிருக்கும் துணியை எடுக்க அண்ணாந்து பார்த்தால் கைக்குள் ஷாக் அடித்த மாதிரி இறங்குகிறது. ராத்திரி படுத்தால் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. எக்ஸ்ரேயில் சி5–சி6 ஒடுங்கியிருக்கிறது, அங்கே முன்னும் பின்னும் எலும்பு முனை; சி6–சி7 லேசாக ஒடுங்கியிருக்கிறது.

குனிந்தே வேலை செய்கிறவருக்குக் குனிந்தால் வலிக்காமல் நிமிர்ந்தால் வலிப்பது முதலில் விசித்திரமாகப் படும். ஆனால் அண்ணாந்து பார்க்கும்போதும் வலிக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பும்போதும் அந்தத் துளை இன்னும் சிறுக்கிறது. குனியும்போது விரிகிறது. தொல்லை கழுத்தில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல தடயம். கையைத் தலைமேல் வைத்தால் சுகமாக இருப்பதும் அப்படியே. தோளை உயர்த்தும்போது நரம்பு வேரின் மேல் இருக்கும் இழுவிசை தளர்கிறது.

மருத்துவர் அவருடைய தலையை வலப்பக்கமும் சற்றே பின்பக்கமும் சாய்த்து, உச்சியில் மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்துவார். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவரான ஸ்பர்லிங் 1944-இல் ஸ்கோவில் என்பவரோடு சேர்ந்து எழுதிய சோதனை இது. கழுத்தில் மட்டும் வலித்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பழகிய அதே மரமரப்பு கையில் இறங்கினால்தான் கணக்கு. நம் தையல்காரருக்கு இறங்குகிறது. இறங்காமல் போனால் கழுத்து நரம்பு இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தச் சோதனை ஆம் என்றால் நம்பலாம், இல்லை என்றால் சந்தேகப்படலாம். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

பிறகு எண் கணக்கு. கழுத்தில் எலும்பு ஏழு, நரம்பு வேர் எட்டு. ஒவ்வொரு வேரும் தன் எண் கொண்ட எலும்புக்கு மேலே வெளியே வருகிறது. எனவே ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் வருவது ஆறாவது வேர். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஏழாவது வேர். ஏழாவது எலும்புக்குக் கீழே எட்டாவது வேர். ஆறாவது வேரின் எல்லை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். முழங்கையை மடக்குவதிலும் மணிக்கட்டைப் பின்னால் தூக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஏழாவது வேருக்கு நடுவிரல். முழங்கையை நீட்டித் தள்ளும் பலம். எட்டாவது வேருக்குச் சுண்டுவிரல், கைப்பிடியின் இறுக்கம். எல்லைகள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனாலும் வழிகாட்ட இது போதும். தையல்காரருக்கு மரத்துப்போன விரல்களும் ஒடுங்கிய இடமும் ஆறாவது வேரில் வந்து சந்திக்கின்றன. மணிக்கட்டைத் தூக்கும் பலமும் வலக்கையில் லேசாகக் குறைந்திருந்தால் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. இவருடைய எக்ஸ்ரே உண்மையைச் சொல்கிறது.

இப்போது படத்தை அப்படியே வைத்துக்கொண்டு கையை மட்டும் மாற்றுவோம்.

அதே எக்ஸ்ரே, ஆனால் ஒரு அம்மா. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி. விடியற்காலை மூன்று மணிக்குக் கை மரத்து எழுந்துவிடுகிறார், உதறினால் சரியாகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தாலும், போனைக் கையில் வைத்திருந்தாலும் வருகிறது. கழுத்தை எப்படித் திருப்பினாலும் ஒரு மாற்றமும் இல்லை. இது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் கார்ப்பல் டனல். ஆறாவது வேரும் இந்த நரம்பும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பங்கிட்டுக்கொள்வதால்தான் குழப்பமே வருகிறது. மோதிர விரல் நடுவில் கோடு போட்டது மாதிரி ஒரு பாதி மட்டும் மரத்துப்போவது மணிக்கட்டின் அடையாளம். கழுத்திலிருந்து வரும் வேர் அப்படி விரலைப் பாதியாகப் பிரிக்காது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள பகுதியிலும் மரமரப்பு இருந்தால் கழுத்துப் பக்கம் சாய வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு இந்த மணிக்கட்டுத் தொல்லை அதிகம் வரும். "ஸ்பாண்டிலோசிஸ்" என்ற அந்த ஒரு சொல்லை நம்பி மாதக்கணக்கில் கழுத்துக்கு டிராக்ஷன் போட்டுக்கொண்டிருந்தால் மணிக்கட்டு நரம்பு அதற்குள் மெலிந்து, கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதை வற்றத் தொடங்கிவிடும். வற்றிய சதையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

அதே எக்ஸ்ரே, ஆனால் மரத்துப்போவது சுண்டுவிரலும் பக்கத்து விரலின் பாதியும். முழங்கையை மடக்கிப் போனைக் காதில் வைத்தால் அதிகமாகிறது. சி5–சி6 ஒடுங்கியிருப்பதற்கும் சுண்டுவிரலுக்கும் எண் கணக்குப்படி உறவே இல்லை. முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் அல்னார் நரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எட்டாவது வேராகவும் இருக்கலாம். அந்த வேர் வெளியே வரும் இடம் பக்கவாட்டுப் படத்தில் பல பேருக்குத் தோள்பட்டையின் நிழலில் மறைந்துபோகும். ஆக, தாளில் எழுதாத இடத்தில் தொல்லை இருக்கவும் இடமுண்டு.

இரண்டு கைகளும், அதற்கு முன்னாலேயே இரண்டு பாதங்களும் மரத்துப்போயிருந்தால் கழுத்தை விட்டுவிட்டு ரத்தச் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்ப்பது நல்லது. பி12 குறைவாக இருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யும். கழுத்தில் நெரிபடும் நரம்புக்கு அதை எழுதிக்கொடுப்பது பழக்கமாகிவிட்டதே ஒழிய, நெரிசலை அது குறைப்பதில்லை. நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ இடது கையில் கனமும் வலியும் வந்து, நின்றால் அடங்குகிறது என்றால் எக்ஸ்ரேயை வைத்துவிட்டு இதயத்தைப் பார்க்க ஓட வேண்டும்.

குழப்பம் தீராதபோது நரம்புக் கடத்தல் சோதனை உதவும். மணிக்கட்டில் நெரிசல் இருந்தால் மின்சமிக்ஞை அங்கே தாமதமாவது அளவில் தெரிந்துவிடும். கழுத்து வேரில் நெரிசல் என்றால் விரலிலிருந்து எடுக்கும் உணர்வுச் சமிக்ஞை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். உணர்வு நரம்பின் உயிரணுக்கள் நெரிசலுக்கு வெளியே, கைப்பக்கம் இருப்பதால் கையில் ஓடும் இழை சாவதில்லை. விரல் மரத்திருக்கிறது, சோதனை நன்றாக இருக்கிறது என்பது அப்போது முரண்பாடு ஆகாது. தசையில் ஊசி குத்திப் பார்க்கும் பகுதியில் மாற்றம் தெரியச் சுமார் மூன்று வாரம் பிடிக்கும். மறுநாளே ஓடிப்போய் எடுப்பதில் பயனில்லை.

தையல்காரரிடம் திரும்பலாம். "தேய்மானம்னு சொல்லிட்டாங்களே டாக்டர், இனிமே இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்பார். இருக்காது என்று சொல்லலாம், அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர்த் தொல்லை வந்த 561 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது 90 சதவீதம் பேருக்குத் தொல்லையே இல்லை, அல்லது லேசாக மட்டும் இருந்தது. அவர்களில் சிலர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், பெரும்பாலோர் செய்துகொள்ளாதவர்கள்.

எலும்பு முனை கரைந்தா போயிற்று? இல்லை. அது அப்படியேதான் இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் படம் எடுத்தாலும் தெரியும். முனை இருந்தும் மரமரப்பு போய்விடுகிறது என்றால், முனை மட்டுமே காரணமாக இருக்க முடியாது. குறுகிய துளைக்குள் நரம்பு பல வருடம் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒருநாள் ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியோ, மூட்டு வீங்கியோ, தலைக்கு மேல் கைவைத்து நெடுநேரம் வேலை செய்தோ அங்கே அழற்சி உண்டாகிறது. வீங்கிய நரம்புக்கு அந்த இடம் போதவில்லை. வீக்கம் வடிந்ததும் பழையபடி போதுகிறது. என் பார்வையில், ஸ்பாண்டிலோசிஸ் பற்றி நோயாளிக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். பலரும் படத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

வீக்கம் வடியும் வரை என்ன செய்வது? 2009-இல் நெதர்லாந்தில் தொல்லை தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்த 205 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கழுத்துப் பட்டையும் ஓய்வும், ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, ஒரு பிரிவுக்கு வலி மாத்திரையோடு வழக்கமான வாழ்க்கை. ஆறு வாரத்தில் முதல் இரண்டு பிரிவுகளுக்கும் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை. பட்டையைச் சில வாரம் போட்டுக் கழற்றிவிட வேண்டும். வருடக்கணக்கில் பட்டையோடு திரிந்தால் கழுத்துத் தசை பலவீனமாவதுதான் மிச்சம். தையல்காரர் துணி மாட்டும் கொக்கியைக் கண் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். அவருக்கு அது மாத்திரைக்குச் சமம்.

செய்யக் கூடாத ஒன்று உண்டு. முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்து 'டக்'கென்று சத்தம் வரத் திருப்பிவிடும் பழக்கம் நம் ஊர் சலூன்களில் இன்னும் இருக்கிறது. ஏற்கெனவே துளை குறுகியிருக்கிற கழுத்தில் அது நரம்பை நசுக்கலாம். கழுத்தெலும்புக்குள் ஓடி மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் இப்படித் திருகும்போது கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். அண்ணே, கழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவதே மேல்.

ஆறு வாரமாகியும் குறையாத வலி, நாளுக்கு நாள் குறையும் பலம், இந்த இரண்டுக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் மட்டும் குத்தும் வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு இருந்தால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. காசநோய் எலும்பைப் பிடிப்பது நம் நாட்டில் அபூர்வமல்ல. அதிலும் டிஸ்க் இடைவெளி ஒடுங்கும். ஆனால் ஸ்பாண்டிலோசிஸில் ஒடுங்கிய இடத்தின் விளிம்புகள் அடர்த்தியாகவும் தெளிவாகவும் இருக்கும், காசநோயில் அரித்துக் கலைந்திருக்கும்.

நரம்பு வேரை விட்டுவிட்டுத் தண்டுவடமே நெரிபட்டால் கதை வேறு. எலும்பு முனை பின்பக்கம் நடுவில் வளர்ந்து, பிறவியிலேயே தண்டுவடக் குழாய் குறுகலாக இருப்பவருக்கு இது வரும். வலி பெரிதாக இல்லாமலே தொடங்குவதால் கவனம் தப்பும். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும், சாதத்தைப் பிசைந்து எடுப்பதற்குள் சிந்தும், கையெழுத்து மாறும். இருட்டில் நடந்தால் கால் நிதானம் தவறும், கால்கள் விறைத்த மாதிரி இருக்கும். குனிந்தால் முதுகெலும்பு வழியாக மின்சாரம் இறங்கும். சிறுநீர் அடக்க முடியாமல் போவது பின்னால் வரும் அறிகுறி. இவருக்குப் பட்டையும் பிசியோதெரபியும் காத்திருப்பும் பொருந்தாது. எக்ஸ்ரேத் தாளில் தையல்காரருக்கு எழுதிய அதே வரிகள்தான் இவருக்கும் எழுதியிருக்கும். ஆனால் இவர் அந்த வாரமே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெரிசலை நீக்கும் அறுவையின் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. போன பலம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் போனார் என்பதைப் பொறுத்தது.